நோட்டில் இருக்கிறது, விடைத்தாளில் வரவில்லை: வினைவேக நெடுங்கேள்விக்கு விடைக்கூடு கட்டும்போது வரும் கோளாறுகள்

எஸ்.பி.எம். வேதியியல் இரண்டாம் தாளில் நூறு புள்ளி, இரண்டரை மணி நேரம். அதில் அறுபது புள்ளி 'ஏ' பிரிவின் கட்டமைப்புக் கேள்விகளுக்குப் போய்விடும். மீதி நாற்பதும் நெடுங்கேள்விகளுக்கு. 'பி' பிரிவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், 'சி' பிரிவுக் கேள்வி கட்டாயம். கணக்குப் போட்டால் புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். இருபது புள்ளிக் கேள்விக்கு அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்துக்கு உதவுவதுதான் விடைக்கூடு. ஒரு வகைக் கேள்விக்கு எந்தெந்த வரி, எந்த வரிசையில் வரவேண்டும் என்பதை மட்டும் சொல்லும் வெற்றுச் சட்டம் அது. ஒரு வரிக்கு ஒரு புள்ளி. பொருள்களின் பெயரும் எண்ணும் வருமிடம் காலியாக இருக்கும். நோட்டை அப்படியே சுருக்கி எழுதினால் அது விடைக்கூடு ஆகாது, குட்டி நோட்டுதான் ஆகும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு இந்தக் குழப்பமே காரணம்.

எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துச் சொன்னால் எதுவும் ஒட்டாது. அதனால் நான்காம் படிவத்து ஏழாம் பாடமான வினைவேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். டிரையல் தாள்களின் நடையில் அமைந்த ஒரு மாதிரிக் கேள்வி கடைசிவரை கூட வரும்:

செட் 1: மிகுதியான துத்தநாகத் துண்டுகளுடன் 20 cm³, 0.1 mol dm⁻³ ஹைட்ரோகுளோரிக் அமிலம்.
செட் 2: மிகுதியான துத்தநாகத் துண்டுகளுடன் 20 cm³, 0.1 mol dm⁻³ கந்தக அமிலம்.
செட் 3: செட் 1 போலவே, கூடுதலாகச் சில துளி காப்பர்(II) சல்பேட் கரைசல்.

செட் 1-இன் சமன்பாடு, அதில் கிடைக்கும் உச்ச வாயு அளவு, மூன்று செட்டுக்கும் ஒரே அச்சில் வரைபடம் ஆகியவை கேட்கப்படுகின்றன. கடைசியாக, செட் 1-ஐயும் 2-ஐயும், பிறகு 1-ஐயும் 3-ஐயும் மோதல் கொள்கைப்படி ஒப்பிட்டு விளக்க வேண்டும். அந்த விளக்கத்துக்கு மட்டும் பத்துப் புள்ளி.

அறிகுறி: பாடம் தெரியும், ஆனால் முதல் வரி வரவில்லை

கேள்வியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால், நோட்டு அடுக்கப்பட்ட விதத்தில்தான் சிக்கல். நோட்டு தலைப்புவாரியாக இருக்கும்: வினைவேகம் என்றால் என்ன, மோதல் கொள்கை, கிளர்வுறு ஆற்றல், காரணிகள் நான்கு. கேள்வி அப்படி வராது. 'இரண்டு செட்டுக்கும் என்ன வேறுபாடு?' என்ற இடத்திலிருந்துதான் அது தொடங்கும்.

ஆகவே கூட்டின் முதல் வரி வரையறையாக இருக்கக்கூடாது. 'எது மாறியிருக்கிறது?' என்பதே முதல் வரி. அதைக் கண்டுபிடிக்க, கேள்வியில் உள்ள செட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். செட் 1-க்கும் 3-க்கும் அப்படிச் செய்தால் காப்பர்(II) சல்பேட் மட்டும் மிஞ்சும். செட் 1-க்கும் 2-க்கும் அமிலத்தின் பெயர் மட்டும் மிஞ்சும். மிஞ்சியதுதான் முதல் வரி. அதுவே எந்தக் கூட்டை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

அறிகுறி: ஒன்றரைப் பக்கம் எழுதியும் பத்துக்கு மூன்று நான்குதான்

விடைத்தாளில் இப்படி இருக்கும்: 'மோதல் கொள்கைப்படி, துகள்கள் சரியான திசையிலும் போதுமான ஆற்றலுடனும் மோதினால் வினை நடக்கும். செறிவு அதிகரித்தால் துகள்கள் அதிகமாக மோதும். எனவே வினைவேகம் அதிகரிக்கும்.' ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனாலும் புள்ளி விழாது, காரணம் இரண்டு.

முதலாவது, அதில் செட் 1, செட் 2 என்ற பேச்சே இல்லை. ஒப்பிடச் சொன்ன கேள்விக்குப் பொது விதியை எழுதியிருக்கிறது. இதைச் சோதிப்பது எளிது: விடையில் செட் எண்களைக் கையால் மறையுங்கள். மறைத்த பிறகும் அது முழு விடையாகவே படித்தால் ஒப்பீடு நடக்கவில்லை என்று பொருள். கூட்டின் ஒவ்வொரு வரியிலும் 'செட் __ -ஐவிட செட் __ -இல்' என்ற காலியிடம் இருந்துவிட்டால் இந்தக் கோளாறு தானாகப் போய்விடும்.

இரண்டாவது கோளாறு மொழியிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது இது. செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ டியூஷன் போகும் மாணவரின் நோட்டில் மூன்று மொழி கலந்திருக்கும். வாத்தியார் தமிழில் விளக்குகிறார், பாடநூல் மலாயில், இணையத்தில் எடுத்தது ஆங்கிலத்தில். வகுப்பில் 'அதிகமா மோதும்' என்று கேட்டதை மாணவர் அப்படியே விடைத்தாளில் மலாய்க்கு மாற்றுகிறார். அதில் 'எவ்வளவு நேரத்தில்' என்பது காணாமல் போகிறது. புள்ளியிடும் ஸ்கீமா எதிர்பார்ப்பது 'ஃபிரெகுவென்சி', தமிழில் நிகழ்வெண், அதாவது குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை மோதல் என்பது. மெதுவாக நடக்கும் வினையிலும் காத்திருந்தால் மோதல்கள் குவியத்தான் செய்யும். எத்தனை என்பதைவிட எவ்வளவு நேரத்தில் எத்தனை என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே நோட்டு எந்த மொழியில் இருந்தாலும், கூட்டின் வரிகளைத் தேர்வு எழுதும் மொழியிலேயே எழுதி வையுங்கள். புரிந்துகொள்வது தமிழில் இருக்கட்டும், அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் பயனுறு மோதலின் நிகழ்வெண்ணைக் குறிக்கும் 'ஃபிரெகுவென்சி பெர்லங்காரான் பெர்கெசான்' என்ற மலாய்ச் சொற்கட்டைத் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கக் கூடாது. அது கூட்டில் கடைசிக்கு முந்தைய வரியாக அச்சடித்ததுபோல் நிற்க வேண்டும்.

அறிகுறி: எந்தக் காரணி வந்தாலும் ஒரே விடை

நெடுங்கேள்வியில் புள்ளி கசிகிற பெரிய ஓட்டை இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நோட்டைச் சுருக்குகிறவர்கள் நான்கு காரணிகளுக்கும் ஒரே சங்கிலியைப் போட்டுவிடுகிறார்கள்: காரணி கூடுகிறது, மோதல் நிகழ்வெண் கூடுகிறது, பயனுறு மோதல் நிகழ்வெண் கூடுகிறது, வேகம் கூடுகிறது. கடைசி இரண்டு வரி எல்லாக் காரணிக்கும் பொது என்பது உண்மை. ஆனால் நடுவில் உள்ள இணைப்பு காரணிக்குக் காரணி வேறு. புள்ளியைப் பிரித்துத் தருவதும் அந்த நடு இணைப்புதான்.

செறிவு என்றால் நடு இணைப்பு, ஒரு கனஅளவுக்குள் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை கூடுவது. துண்டின் அளவு என்றால், மோதலுக்குக் கிடைக்கும் மொத்தப் பரப்பு கூடுவது. இங்கே 'ஒரு கனஅளவுக்குள் அயனிகள் கூடுகின்றன' என்று எழுதினால் தவறு, அமிலம் மாறவே இல்லையே. வெப்பநிலை என்றால், துகள்களின் இயக்க ஆற்றல் கூடி அவை வேகமாக நகர்வது. இந்த மூன்றிலும் அடுத்து 'மோதல் நிகழ்வெண் கூடுகிறது' என்ற வரி வரும்.

வினையூக்கிக்கு அந்த வரி வராது. வினையூக்கி துகள்களை வேகப்படுத்துவதில்லை, நெருக்குவதும் இல்லை. மோதல்கள் முன்போலவேதான் நடக்கின்றன. அது குறைந்த கிளர்வுறு ஆற்றலுள்ள மாற்று வழியைத் திறக்கிறது. அதனால் மோதும் துகள்களில் அதிகமானவை அந்தக் குறைந்த ஆற்றலை எட்டுகின்றன. பயனுறு மோதலின் நிகழ்வெண் மட்டும் கூடுகிறது. 'வினையூக்கி சேர்த்ததும் துகள்கள் அடிக்கடி மோதும்' என்ற வரியை விடைத்தாளில் கண்டால், அந்த மாணவரிடம் ஒரே ஒரு கூடுதான் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

திருத்தும் வழி இது. ஏ4 தாளை நான்காக மடித்து, கட்டத்துக்கு ஒரு காரணி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வரி இடம் விடுங்கள். முதலில் எல்லாக் கட்டத்திலும் ஐந்தாம் வரியையும் நான்காம் வரியையும் எழுதி முடியுங்கள், அவை ஒன்றேதான். பிறகு நோட்டைத் திறந்து நடு இணைப்பை மட்டும் எடுத்து இரண்டாம் வரியில் போடுங்கள். மூன்றாம் வரியில் முதல் மூன்று காரணிக்கும் 'மோதல் நிகழ்வெண்', வினையூக்கிக்கு 'குறைந்த கிளர்வுறு ஆற்றலை எட்டும் துகள்கள் அதிகம்'. முதல் வரி எல்லாவற்றிலும் காலி. அது கேள்வியிலிருந்து வரவேண்டியது.

வினையூக்கிக் கட்டம் நிரம்பியதும் இப்படி இருக்கும்:

1. செட் __ -இல் ______ வினையூக்கியாக உள்ளது. செட் __ -இல் இல்லை.
2. அது குறைந்த கிளர்வுறு ஆற்றலுள்ள மாற்று வழியைத் தருகிறது.
3. மோதும் ______, ______ துகள்களில் அதிகமானவை அந்தக் குறைந்த ஆற்றலை எட்டுகின்றன.
4. அவற்றுக்கிடையே பயனுறு மோதலின் நிகழ்வெண் செட் __ -இல் அதிகம்.
5. ஆகவே செட் __ -இல் வினைவேகம் அதிகம்.

மூன்றாம் வரியின் காலியிடத்தில் 'துகள்கள்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நம் கேள்வியில் அது துத்தநாக அணுக்களும் ஹைட்ரஜன் அயனிகளும். சுண்ணாம்புக்கல்லும் அமிலமும் என்றால் கால்சியம் கார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும். துகளின் பெயர் கேட்டிருக்கும் ஸ்கீமாவில் 'துகள்கள்' என்ற பொதுச்சொல்லுக்கு அந்தப் புள்ளி கிடைக்காது.

(போகிறபோக்கில் ஒன்று: துத்தநாகம் காப்பரைக் கரைசலிலிருந்து இடம்பெயர்த்து, அந்தக் காப்பர் துத்தநாகத்தின்மேல் படிவதால்தான் வாயு வேகமாக வருகிறது. காப்பர்(II) சல்பேட் மாறாமல் அப்படியே இருப்பதில்லை. பாடத்திட்டம் அதை வினையூக்கி என்றே எடுத்துக்கொள்கிறது, விடையிலும் அப்படியே எழுத வேண்டும். கூர்மையான மாணவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.)

அறிகுறி: பழைய தாளுக்குப் பொருந்துகிறது, புதிய தாளில் வழுக்குகிறது

செட் 1, செட் 2 ஒப்பீட்டில் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 'செட் 2-இல் அமிலத்தின் செறிவு அதிகம்' என்று எழுதிவிடுவார்கள். கேள்வியிலேயே இரண்டும் 0.1 mol dm⁻³ என்று இருக்கிறது. செறிவுக் கூடு கையில் இருந்ததால் அதைக் கேள்விமேல் ஏற்றிவிட்டார்கள்.

காரணம், அந்தக் கூடு ஒரே ஒரு ஸ்கீமாவிலிருந்து எழுதப்பட்டது. அந்தத் தாளில் 0.1-உம் 0.5-உம் இருந்திருக்கும், அதனால் 'அமிலத்தின் செறிவு' என்ற சொல் கூட்டோடு ஒட்டிப்போயிற்று. உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு கனஅளவிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள். அமிலத்தின் செறிவு அதற்கு ஒரு வழி, அமிலத்தின் வகை இன்னொரு வழி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மோனோபுரோட்டிக், கந்தக அமிலம் டைபுரோட்டிக். ஆகவே கூட்டின் முதல் வரி இப்படித் திருத்தப்பட வேண்டும்:

1. செட் __ -இல் ______ (செறிவு அதிகம் / டைபுரோட்டிக் அமிலம்).
2. ஒரு கனஅளவில் ______ அயனிகளின் எண்ணிக்கை செட் __ -இல் அதிகம் / இருமடங்கு.

அடுத்த மூன்று வரியும் மாறாது. நம் கேள்விக்கு நிரப்பினால், 'செட் 1-இல் மோனோபுரோட்டிக் அமிலம், செட் 2-இல் டைபுரோட்டிக் அமிலம், செறிவு சமம். ஒரு கனஅளவில் ஹைட்ரஜன் அயனிகள் செட் 2-இல் இருமடங்கு. துத்தநாக அணுக்களுக்கும் ஹைட்ரஜன் அயனிகளுக்கும் இடையே மோதல் நிகழ்வெண் செட் 2-இல் அதிகம். பயனுறு மோதல் நிகழ்வெண்ணும் அதிகம். ஆகவே செட் 2-இல் வினைவேகம் அதிகம்.' ஐந்து வரி, ஐந்து புள்ளி.

கந்தக அமிலத்தின் இரண்டாவது ஹைட்ரஜன் கரைசலில் முழுதாகப் பிரிவதில்லை என்பதை எஸ்.டி.பி.எம். மாணவர் அறிவார், ஆரம்ப வேகம் சரியாக இரண்டு மடங்கு ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அயனிகளுக்கு 'இருமடங்கு' என்று எழுதினாலும் வேகத்துக்கு 'அதிகம்' என்று நிறுத்துவதே நல்லது.

இந்தக் கோளாறு திரும்ப வராமலிருக்க, ஒரு கூட்டை மூன்று தாள்களோடு உரசிப் பாருங்கள். வெவ்வேறு மாநில டிரையல் தாள்களாக இருந்தால் நல்லது, கேள்வி அமைப்பவர் மாறினால் சொல்லும் மாறும். மூன்று ஸ்கீமாவிலும் திரும்பத் திரும்ப வரும் வரி கூட்டில் நிற்கட்டும். ஒன்றில் மட்டும் வரும் பெயரோ எண்ணோ இருந்தால் அதை அழித்துக் காலியிடம் போடுங்கள். மூன்றாவது தாளுக்குப் பிறகும் புதுவரி வந்துகொண்டே இருந்தால், இரண்டு வகைக் கேள்வியை ஒரே கூட்டில் திணித்திருக்கிறீர்கள், பிரியுங்கள்.

அறிகுறி: விளக்கத்தில் புள்ளி முழுசு, கணக்கிலும் வரைபடத்திலும் போய்விடுகிறது

சொற்களுக்குக் கூடு கட்டிவிட்டு எண்களுக்குக் கட்டாமல் விடுவதால் வருவது. கணக்கின் கூடு மூன்று வரிதான்: அமிலத்தின் மோல், சமன்பாட்டின் விகிதம், வாயுவின் அளவு. அலகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செட் 1-க்கு:

```
Zn + 2HCl → ZnCl₂ + H₂
n(HCl) = 0.1 × 20/1000 = 0.002 mol
2 mol HCl : 1 mol H₂  →  0.001 mol H₂
V = 0.001 × 24 = 0.024 dm³ = 24 cm³
```

இங்கே 24 dm³ mol⁻¹ என்பது அறை நிலையில் வாயுவின் மோலார் கனஅளவு, தாளில் கொடுத்திருப்பார்கள். நழுவும் இடம் மூன்றாம் வரி. இரண்டால் வகுக்க மறந்தால் 48 வரும். அது செட் 2-இன் சரியான விடை என்பதால், பார்க்க நியாயமாகவே தெரியும். கந்தக அமிலத்தில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, ஆகவே 0.002 மோல் வாயு, 48 cm³.

சமன்பாட்டுக்குப் பெரும்பாலான ஸ்கீமாக்கள் இரண்டு புள்ளி தருகின்றன: குறியீடுகள் சரியென்றால் ஒன்று, சமன் செய்திருந்தால் ஒன்று. சமன் செய்யவில்லை என்றால் ஒரு புள்ளியோடு போகாது. விகிதம் தவறி, கணக்கும் தவறிவிடும்.

வரைபடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: தொடக்கத்தில் யார் செங்குத்து, முடிவில் யார் உயரம்? இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் செட் 3-ஐ உயரமாக வரைகிறார்கள். வினையூக்கி அமிலத்தைக் கூட்டவில்லை. துத்தநாகம் மிகுதி என்பதால் அமிலத்தின் அளவுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. செட் 3 செட் 1-ஐவிடச் செங்குத்தாக ஏறி, செட் 1 போய் நிற்கும் அதே 24 cm³-இல் முன்கூட்டியே தட்டையாகும். செட் 2 செட் 1-ஐவிடச் செங்குத்தாக ஏறி 48 cm³-இல் தட்டையாகும். செட் 2-உம் 3-உம் ஒன்றோடொன்று எப்படி என்று கேள்வியில் உள்ள தகவலிலிருந்து சொல்ல முடியாது, அதனால் அந்த இரண்டு கோடுகளின் தொடக்கச் சாய்வைப் பற்றி மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: கூடு நீண்டு நீண்டு மனப்பாடம் ஆகவில்லை

ஒரு கூட்டில் ஆறு வரிக்குமேல் இருந்தால் உள்ளே வரையறையோ எடுத்துக்காட்டோ புகுந்திருக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஸ்கீமாவில் தேடுங்கள். எந்தப் புள்ளியும் அதன் எதிரில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். 'சரியான திசையில் மோத வேண்டும்' என்ற வரி பெரும்பாலும் இப்படித்தான் வெளியே போகும். பயனுறு மோதல் என்றால் என்ன என்று தனியாகக் கேட்கும் கேள்விக்கு அது வேண்டும், அதற்கு ஒரு வரிக் கூடு தனியே இருக்கட்டும்.

அறிகுறி: வீட்டில் வருகிறது, மண்டபத்தில் வரவில்லை

கூட்டைப் பார்த்து எழுதிப் பழகியிருப்பார்கள். இதற்குத் திருத்தம் கூட்டில் இல்லை, பயிற்சியின் வரிசையில் இருக்கிறது. கேள்வித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் கூட்டை நினைவிலிருந்து மூன்று நிமிடத்தில் போடுங்கள்: செட்களை எழுதி அடித்தல், காரணியின் பெயர், ஐந்து சொற்கள். பிறகே விடை. மொத்தம் முப்பது நிமிடம், கடிகாரம் எதிரே. முடிந்ததும் விடையைத் திருத்துவதற்குமுன் ஓரத்தில் போட்ட கூட்டைத் திருத்துங்கள். கூடு சரி, விடை தவறு என்றால் சிக்கல் மொழியில். கூடே தவறு என்றால் நடு இணைப்பு மனத்தில் நிற்கவில்லை, நான்காக மடித்த தாளுக்குத் திரும்புங்கள்.